ரிசல்ட் வந்த நாளில் தோழி ஏன் பேசவில்லை?

அரசுத் தேர்வுக்குச் சேர்ந்து படிப்பவர்களுக்கு ஒருவர் பதிவெண் மற்றவருக்கு மனப்பாடமாக இருக்கும். பிறந்த தேதியும் தெரியும். ஹால் டிக்கெட் எடுக்க பிரவுசிங் சென்டருக்கு ஒன்றாகத்தான் போயிருப்பார்கள். ஒருத்தி போனில் நெட் தீர்ந்த நாளில் மற்றவள் எடுத்துக் கொடுத்திருப்பாள். அதனால் டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் முடிவு வெளியாகும் நாளில், தன் எண்ணைப் போட்டுப் பார்த்த கையோடு தோழியின் எண்ணையும் போட்டுப் பார்ப்பது வழக்கம். நீங்கள் போன் செய்து சொல்வதற்கு முன்பே உங்கள் நல்ல சேதி அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு தோழிகளை எடுத்துக்கொள்வோம். கவிதா, மலர் என்று வைத்துக்கொள்வோம். மாவட்ட மைய நூலகத்தில் மூன்று ஆண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படித்தவர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர் புத்தகங்களைப் பாதி பாதியாகப் பிரித்துக் குறிப்பெடுத்தவர்கள். ஒருத்தி கணக்கில் கெட்டி, இன்னொருத்தி தமிழில் கெட்டி. முதல் முறை இருவருக்குமே கிடைக்கவில்லை. அடுத்த முறை கவிதாவுக்கு நல்ல ரேங்க் வந்துவிட்டது. மலரின் ரேங்க் எட்டாத தூரத்தில் நின்றுவிட்டது.

கவிதா போன் செய்கிறாள். “ம்... பாத்தேன்டி. நல்லது. அம்மா கூப்புடுறாங்க, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாள் மலர். அந்த ‘அப்புறம்’ நான்கு நாளைக்கு வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் வாழ்த்தியபோது மலரிடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. ஐந்தாம் நாள் பேசும்போது, “போஸ்டிங் எந்த ஊர்ல போடுவாங்களோ, பாத்துக்கோ” என்றாள். அதோடு, “உனக்குத் தமிழ் மீடியம் கோட்டா வேற இருந்துச்சுல்ல” என்றும் ஒரு வார்த்தை.

இதில் சண்டை போட எதுவுமில்லை. அவள் திட்டவில்லை, சபிக்கவில்லை. வாழ்த்துகூடச் சொல்லிவிட்டாள். ஆனாலும் கவிதாவின் சந்தோஷத்தில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. வெளியில் சொன்னால் “இதுக்குப் போயா வருத்தப்படற” என்பார்கள். சத்தமில்லாத பொறாமையின் கஷ்டமே இதுதான். சுட்டிக்காட்ட ஒரு செயல்கூட இருக்காது.

பொறாமைப்படுபவருக்கு அறிவுரை சொல்ல நம்மிடம் நிறைய இருக்கிறது. வள்ளுவர் அழுக்காறாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் பத்துக் குறளும் பொறாமை கொள்பவரைப் பற்றியவை. பொறாமைக்கு ஆளானவர், அதுவும் தான் நேசிக்கும் ஒருவரின் பொறாமைக்கு ஆளானவர், என்ன செய்வது? அதற்கு நம் வீடுகளில் கிடைப்பது திருஷ்டி சுற்றிப்போடுவதும், “யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு படும்” என்ற அம்மாவின் எச்சரிக்கையும்தான். இந்த எச்சரிக்கையில் கொஞ்சம் ஞானம் இருக்கிறது. ஆனால் நெருங்கிய தோழியிடம் அதை அப்படியே கடைப்பிடித்தால் காரியம் கெடும். ஏன் என்று பார்ப்பதற்கு முன், மலருக்கு உள்ளே என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆபிரகாம் டெஸ்ஸர், ஜொனாதன் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நண்பர்களை ஜோடி ஜோடியாக அழைத்து வந்து, சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை ஆடவைத்தார்கள். ஒருவர் துப்பு கொடுக்க வேண்டும், மற்றவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எளிய துப்பும் இருந்தது, கடினமான துப்பும் இருந்தது. எதைக் கொடுப்பது என்பது கொடுப்பவர் விருப்பம். “இது சும்மா ஒரு விளையாட்டு” என்று சொல்லப்பட்டபோது, முன்பின் தெரியாதவரைவிட நண்பருக்கே எளிய துப்பு போனது. “இது உங்கள் அறிவுத்திறனைக் காட்டும்” என்று சொல்லப்பட்டபோது நிலைமை தலைகீழானது. தான் சரியாகச் செய்யவில்லை என்று அறிந்த பிறகு, தெரியாதவருக்குக் கொடுத்ததைவிடக் கடினமான துப்பை நண்பருக்குக் கொடுத்தார்கள்.

டெஸ்ஸர் இதிலிருந்து வளர்த்தெடுத்த விளக்கம் எளிமையானது. நமக்கு முக்கியமில்லாத ஒரு துறையில் நண்பர் வென்றால், அந்த வெளிச்சம் நம்மேலும் விழுகிறது. “என் ஃபிரெண்டு கர்நாடக சங்கீதத்தில் பரிசு வாங்கியிருக்கா” என்று ஊரெல்லாம் சொல்வோம். அதே நண்பர் நாம் உயிரைக் கொடுத்து முயலும் துறையிலேயே வென்றால், அந்த வெற்றி நம்மை அளக்கும் கோலாகிவிடுகிறது. நெருக்கம் கூடக்கூட இரண்டுமே கூடும்: பெருமையும் கூடும், வலியும் கூடும். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் தேர்ச்சி பெற்றது மலரை வாட்டவில்லை. ஒரே மேசையில், ஒரே குறிப்பை வைத்துப் படித்த ஒருத்தி தேர்ச்சி பெற்றதுதான் வாட்டுகிறது. ஏனென்றால் மலரிடம் இப்போது சாக்கு இல்லை. “புத்தகம் சரியில்லை, நேரம் இல்லை” என்று எதையும் சொல்லிக்கொள்ள முடியாது.

இதோடு எண்களையும் வைத்துப் பாருங்கள். 2022 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன என்றாலும், தொடக்கக் கணக்குப்படி ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ஓரிடம். இப்படிப்பட்ட தேர்வில் தோற்பது திறமைக் குறைவுக்குச் சான்றே இல்லை. ஆனால் மலரின் வீட்டில் யாரும் 22 லட்சம் பேரோடு அவளை ஒப்பிடப் போவதில்லை. “கவிதா பாஸ் பண்ணிட்டாளாமே, நீ அவகூடத்தான படிச்ச?” என்று ஒரே ஒருத்தியோடுதான் ஒப்பிடுவார்கள். தோழியின் பொறாமை என்று நாம் நினைப்பதில் பாதி, அவள் வீட்டுக் கூடத்தில் மூன்றாம் மனிதர்கள் மூட்டியது.

ஆகவே கவிதா முதலில் செய்ய வேண்டியது ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது. மலர் தன் நல்ல சேதி எல்லாவற்றுக்கும் வாடுகிறாளா, இந்தச் சேதிக்கு மட்டுமா? கவிதாவின் தம்பிக்கு வேலை கிடைத்தபோது, அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது மலர் எப்படி இருந்தாள்? அப்போதெல்லாம் ஓடி வந்து சந்தோஷப்பட்டவள் என்றால், இப்போதைய மௌனம் ஒரு காயம். தன் தோல்விக்காக அழுதுகொண்டிருப்பவளால் அதே நிமிடத்தில் இன்னொருத்திக்காகச் சிரிக்க முடியவில்லை. இதைப் பொறாமை என்று பெயரிட்டு ஒதுக்குவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வேறு மாதிரியும் இருக்கலாம். வேலை என்றாலும், வரன் என்றாலும், புது வண்டி என்றாலும் அதே இழுத்த “ம்... நல்லது”. ஆனால் கவிதாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து எடுத்து வருவாள். போன முறை தேர்வில் தோற்றபோது ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்தாள். துன்பத்தில் நெருங்கி வந்து இன்பத்தில் விலகும் இந்தத் தோழிதான் பலரைக் குழப்புகிறாள். அவள் அன்பு பொய்யல்ல. ஆறுதல் சொல்லும் இடத்தில்தான் அவளுக்குத் தன் மதிப்பு தெரிகிறது. நீங்கள் எழுந்து நடக்கத் தொடங்கியதும் அந்த இடம் பறிபோவதாகத் தோன்றுகிறது. இவளை மாற்றுவது கடினம். ஆனால் இவளிடம் உதவி கேட்கலாம். “ஆபீஸ்ல சேர்றதுக்கு நாலு சேலை எடுக்கணும், நீ வந்து பாத்துக் கொடுடி” என்று கூப்பிட்டால், நல்ல சேதிக்குள்ளேயும் அவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிடும்.

இனி, சேதியைச் சொல்லும் முறை. அம்மாவின் எச்சரிக்கையை இங்கேதான் எடைபோட வேண்டும். முடிவாகாத விஷயத்தை வெளியில் சொல்லாமல் இருப்பது நல்லது. கர்ப்பத்தை மூன்று மாதம் வரை சொல்லாததும், பத்திரம் பதியும் வரை மனையைப் பற்றிப் பேசாததும் விவேகம்தான். ஆனால் முடிவான விஷயத்தை, அதுவும் பொதுவில் தெரிந்துவிடக்கூடியதை, நெருங்கிய தோழியிடம் மறைப்பது வேறு. ஆனபெல் ராபர்ட்ஸ், எம்மா லெவின், ஓவுல் செசர் ஆகிய மூவர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. பொறாமை வரும் என்று பயந்து பலர் வெற்றியை மறைக்கிறார்கள். பின்னால் அது தெரியவரும்போது, “நான் தாங்கமாட்டேன் என்று நினைத்துவிட்டாளே” என்ற அவமானம்தான் மற்றவருக்கு மிஞ்சுகிறது. பொறாமையாவது ஆறும், அந்த அவமானம் உறவையே குறைத்துவிடுகிறது.

எனவே கவிதா சொல்லத்தான் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், ஸ்டேட்டஸ் வைப்பதற்கு முன், மலரின் அம்மா காதுக்கு அக்கம்பக்கத்திலிருந்து போவதற்கு முன் சொல்ல வேண்டும். வீடியோ கால் வேண்டாம். நேரில் போய் முன்னால் நிற்பதும் முதல் நாளில் வேண்டாம். எதிரே ஆள் இருந்தால் உடனே முகத்தைச் சிரிக்கவைக்க வேண்டிய கட்டாயம் மலருக்கு வந்துவிடும். ஒரு குரல் செய்தி போதும்: “மலர், எனக்கு வந்துருச்சுடி. உன் ரேங்கையும் பாத்தேன். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நீ உடனே பேச வேண்டாம், உனக்குத் தோணும்போது கூப்புடு.” இதில் வெற்றி மறைக்கப்படவில்லை. அவள் தோல்வியும் மறைக்கப்படவில்லை. வாழ்த்தியே ஆக வேண்டும் என்ற கடனும் அவள் தலையில் விழவில்லை.

செய்யக்கூடாத ஒன்று, தன் வெற்றியைத் தானே மட்டம் தட்டுவது. “ஏதோ லக்குடி, கொஸ்டின் ஈஸியா வந்துருச்சு” என்று கவிதா சொல்வது நல்ல எண்ணத்தில்தான். மலர் காதில் அது எப்படி விழும்? ஈஸியான தேர்விலும் தான் தோற்றதாக விழும். அதைவிட மோசம், வெறும் அதிர்ஷ்டத்தில் கிடைத்தது என்றால் அது தகுதியில்லாமல் கிடைத்தது என்றாகிவிடும். தகுதியில்லாமல் கிடைத்தது என்று தோன்றும்போதுதான் பொறாமை கசப்பாகிறது. உழைத்துக் கிடைத்தது என்று தோன்றினால் அதே பொறாமை “நானும் செய்ய வேண்டும்” என்ற உந்துதலாக மாறக்கூடும். நெதர்லாந்தின் நீல்ஸ் வான் டி வென் குழுவினரின் ஆய்வுகள் இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டியிருக்கின்றன. ‘கோட்டா’ என்று மலர் வீசிய சொல்லும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. கவிதாவின் வெற்றி நியாயமற்றது என்று ஆக்கிவிட்டால் மலரின் தோல்வி கொஞ்சம் லேசாகும்.

அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுக் கவிதா சிரித்து மழுப்பக்கூடாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு சட்டப்படி உள்ள உரிமை. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தது அவள் திருடிய சலுகை அல்ல. “ஆமாண்டி, இருந்துச்சு. மூணு வருஷம் நான் படிச்சதும் உனக்குத் தெரியும்ல” என்று கோபப்படாமல் ஒரே முறை சொல்லிவிட்டு, அடுத்த பேச்சுக்குப் போய்விடுவது நல்லது. தயவுக்காகத் தன் உழைப்பை விட்டுக்கொடுத்தால், அடுத்த நல்ல சேதியிலும் அதையே விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2019இல் ஒரு பயனுள்ள விஷயத்தைச் சொன்னார்கள். வென்றவர் தன் வெற்றியோடு தான் பட்ட தோல்விகளையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவரின் கசப்பான பொறாமை குறைகிறது. அதில் வெற்றியும் குறைந்து தெரிவதில்லை. ஆனால் நெருங்கிய தோழிக்கு இதை அப்படியே பயன்படுத்த முடியாது. கவிதாவின் தோல்விகள் எல்லாம் மலருக்கு ஏற்கனவே தெரியும். அவற்றைப் புதுக் கதைபோல் சொன்னால் நடிப்பாகிவிடும். பதிலாக, சேர்ந்து பட்டதை நினைவுபடுத்தலாம்: “போன தடவை ரிசல்ட் பாத்துட்டு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதோமே.” அதோடு உண்மையான கடனையும் சொல்லலாம்: “கணக்குல நீ சொல்லிக்கொடுத்ததுதான் எனக்குக் கை கொடுத்துச்சு.” உண்மையாக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். உண்மையில்லாத நன்றியைத் தோழி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள்.

இன்னொரு பொறி இருக்கிறது. பொறாமைப்படுவாள் என்ற பயத்தில் வாரிவாரிக் கொடுப்பது. வான் டி வென் குழு 2010இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், தம்மேல் கசப்பான பொறாமை வரும் என்று அஞ்சியவர்கள் அந்த மனிதருக்குக் கூடுதலாக உதவினார்கள் என்று கண்டார்கள். நம் ஊரில் இதை நிறையவே பார்க்கலாம். முதல் சம்பளத்தில் தோழிக்கு விலையுயர்ந்த சேலை, கேட்காமலே அனுப்பும் நோட்ஸ், “நீ கவலப்படாத, அடுத்த தடவ நான் உன்ன பாஸ் பண்ண வைக்கிறேன்” என்ற உறுதிமொழி. கடைசியாகச் சொன்னது கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. ஆனால் நேற்றுவரை சக மாணவியாக இருந்தவள் இன்று ஆசிரியை ஆகிவிட்டாள் என்பதை அது மலருக்குத் தினமும் நினைவூட்டும். “என் நோட்ஸ் எல்லாம் வீட்லதான் இருக்கு, எப்ப வேணா எடுத்துக்கோ” என்று ஒருமுறை சொன்னால் போதும். கேட்டால் கொடுக்கலாம். கேட்காவிட்டால் விட்டுவிட வேண்டும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? இதற்குக் கணக்குக் கிடையாது. ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும் முடிந்து, கவிதாவின் வேலை உத்தரவு வந்து, அவள் வேறு ஊரில் சேர்ந்து, பிறகு நிச்சயதார்த்தம் என்ற அடுத்த சேதியும் வந்து, அப்போதும் மலர் அதே “ம்... நல்லது”தான் என்றால், பேசியாக வேண்டும். இரண்டாவது சேதி வரும்போது மௌனத்தைச் சோகம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பேசும்போது பொறாமை என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது. அந்தச் சொல்லைக் கேட்ட நொடியில் எதிராளி தன்னைக் காக்கத்தான் பார்ப்பாள், “எனக்கு எதுக்குடி பொறாமை?” என்று பேச்சு முடிந்துவிடும். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை மட்டும் சொல்ல வேண்டும். “நிச்சயதார்த்தம்னு சொன்னப்ப நீ ஒண்ணுமே கேக்கல. எனக்கு அது மனசுலயே இருக்கு. உன்கிட்ட சொல்லத்தான் முதல்ல ஓடி வந்தேன்.” சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப மன்னிப்போ விளக்கமோ கவிதா கொடுக்கக்கூடாது. மலர் அழலாம். “வீட்ல தினமும் உன் பேரச் சொல்லியே கொல்றாங்கடி” என்று அடிமனத்தைக் கொட்டலாம். அப்படிக் கொட்டினால் அந்த நட்பு பிழைத்துவிட்டது என்றே சொல்வேன். “அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல” என்று மறுக்கலாம், மறுத்துவிட்டு அடுத்த வாரம் தானாகவே “புடவை எடுத்தாச்சா?” என்று கேட்கவும் கூடும். அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலர் நெடுநாளாக எதிலுமே பற்றில்லாமல் இருக்கிறாள், சாப்பாடும் தூக்கமும் குறைந்துவிட்டன, தனக்கு வந்த நல்லதுகூட அவளைத் தொடவில்லை என்றால், அது பொறாமையைப் பற்றிய பேச்சே அல்ல. அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

எல்லாத் தோழிகளும் மலர் மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உணர்ச்சிக்கு மன்னிப்பு உண்டு, செயலுக்கு எல்லை உண்டு. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி தெரிந்தும் சொல்லாமல் இருந்தாள், சம்பந்தி வீட்டாரிடம் உங்கள் பழைய கதை ஒன்றைப் போகிற போக்கில் போட்டாள், உங்கள் ஒதுக்கீட்டைப் பற்றி அலுவலகத்தில் பேசினாள் என்றால், டெஸ்ஸரின் பரிசோதனையில் கொடுத்த கடினமான துப்பு வாழ்க்கைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அவளோடு சண்டை தேவையில்லை. உங்கள் வேலை, வரன், பணம் பற்றிய சேதி அவள் காதுக்கு முன்கூட்டிப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதன் பிறகும் அப்படியே தொடர்ந்தால் விலகிவிடலாம். அதில் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

ஆனால் சும்மா வாடிய முகத்துக்காக மட்டும் ஒரு நட்பை முறித்துக்கொள்ளாதீர்கள். மலர் மறுபடியும் தேர்வு எழுதுவாள். முடிவு வெளியாகும் நாளில் அவள் பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். அவளுக்குக் கிடைத்திருந்தால் முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும். கிடைக்காவிட்டாலும் அப்படியே.